பகல் முழுக்கப் பாட்டியோடு இருக்கும் பிள்ளைக்கு ஒரு விடுமுறைத் திட்டம்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். என் மகளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஆறு வாரம் லீவு. நான் பேங்கில் வேலை பார்க்கிறேன், கணவர் தினமும் பாண்டிச்சேரி போய் வருகிறார். பகலில் மாமியார் மட்டும்தான் வீட்டில். போன வருஷம் டைம்டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். நாலே நாளில் அது போய், லீவு முழுக்கப் போனும் டிவியும்தான். இந்த வருஷம் அபாகஸ், ஹிந்தி, கீபோர்டு, நீச்சல் நாலிலும் சேர்க்கலாம் என்கிறார் கணவர். "புள்ள கொஞ்சம் ஓய்வா இருக்கட்டுமே" என்கிறார் மாமியார். வகுத்தல் கணக்கில் தடுமாறுகிறாள் என்று டீச்சர் சொன்னார். மே நடுவில் நாத்தனார் குடும்பம் சென்னையிலிருந்து பத்து நாள் வருகிறது. அதன் பிறகு பண்ருட்டிப் பக்கம் என் அம்மா வீட்டுக்கு அவளை அனுப்ப வேண்டும். இதையெல்லாம் எப்படி அடுக்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போன வருடத்து டைம்டேபிளை எழுதியது நீங்கள். ஆனால் காலை பதினொரு மணிக்கு அதை நடத்த வேண்டியிருந்தது உங்கள் மாமியார். மணிக்கு ஒரு வேலை என்று பிரித்தால், மணிக்கு ஒரு தடவை "அத வச்சிட்டு இத எடு" என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு சின்னச் சண்டை. பேத்தியோடு ஒரு நாளைக்கு ஏழெட்டுச் சண்டை போட எந்தப் பாட்டிக்கும் தெம்பும் இருக்காது, மனசும் வராது. டிவியைப் போட்டுவிட்டால் வீடு அமைதியாகிவிடும். ஆகவே இந்த வருடத் திட்டம், பகலில் வீட்டில் இருப்பவரால் குரல் உயர்த்தாமல் நடத்த முடிந்ததாக இருக்க வேண்டும்.

முதல் வேலையாக மாமியாரோடு உட்காருங்கள். "எந்த நேரத்துல அவள வச்சிக்கறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு அத்தை?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை என்றுதான் பதில் வரும். வெளியே அனுப்ப முடியாத வெயில், இவருக்கும் அசதி, பிள்ளைக்கும் செய்ய ஒன்றுமில்லை. மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை அக்கினி நட்சத்திரம். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை சீக்கிரம் உலராது, உடம்புச் சூடும் தணியாது. திட்டத்தின் நடுத்தூண் இந்த ஐந்து மணி நேரம்தான்.

நாளுக்கு மூன்று நேரங்களை மட்டும் நிலையாக வையுங்கள். காலை எட்டரைக்குள் வெளி விளையாட்டு முடிய வேண்டும். பதினொன்று முதல் நாலரை வரை வீட்டுக்குள். இரவு ஒன்பதரைக்குப் படுக்கை. இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை. சில பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட வேண்டியிருக்கும். மதியம் அவள் தூங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பாட்டி படுக்கும் நேரத்தில் அவளும் பக்கத்தில் பாயைப் போட்டு, புத்தகமோ படம் வரைவதோ என்று சத்தமில்லாமல் இருந்தால் போதும். தூங்கினால் மூன்று மணிக்குள் எழுப்பிவிடச் சொல்லுங்கள். அதற்கு மேல் போகும் பகல் தூக்கம் இரவைத் தள்ளிப்போடும். இரவு தள்ளிப்போனால் மறுநாள் காலை விளையாட்டு போய்விடும், அன்றைய வெளிக்காற்றே அவளுக்கு இல்லாமல் போகும்.

போனைப் பாட்டி பிடுங்க வேண்டிய நிலை வரக் கூடாது. வீட்டில் உபரியாகக் கிடக்கும் பழைய போனைப் பூட்டிவிட்டுப் போங்கள். பார்ப்பது எதுவாக இருந்தாலும் ஹாலில், டிவியில், மூன்றரை முதல் நாலரை வரை. நாலரைக்குப் பிறகு தெருவில் விளையாடலாம் என்பதால் நிறுத்துவது எளிது. ஒரு நிகழ்ச்சி ஓடும்போது நடுவில் அணைத்தால் அழுகை வரும். "இது முடிஞ்சதும்" என்று தொடங்கும் முன்பே பேசிவிட்டால் பெரும்பாலும் வராது.

அடுத்து அந்த நான்கு வகுப்புகள். நான்கில் ஒன்றைத்தான் எடுக்கச் சொல்வேன், அது நீச்சல். கடலும் கெடிலமும் தென்பெண்ணையும் சூழ்ந்த ஊர் நம்முடையது. 2022 ஜூனில் நெல்லிக்குப்பம் பக்கம் கெடிலத்துத் தடுப்பணையில் குளிக்கப் போன பெண்களும் சிறுமிகளுமாக ஏழு பேர் இறந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மேலே அமைதியாகத் தெரியும் ஆற்றுத் தண்ணீருக்கு அடியில் ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கும். பயிற்சியாளர் உள்ள குளத்தில், காலை வேளையில், வாரத்துக்கு நாலு நாள் போதும். முதலில் மூச்சை அடக்கி முகத்தைத் தண்ணீருக்குள் வைப்பது, பிறகு மல்லாந்து மிதப்பது, அதன் பிறகுதான் கைகால் அசைவு. மிதக்கத் தெரியும் முன் குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நீந்த வைக்கும் இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். குளத்தில் நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் கடல் பாதுகாப்பானது ஆகிவிடாது. சில்வர் பீச்சில் முழங்கால் தண்ணீர்தான் எல்லை. கூட நிற்கும் பெரியவர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அவள் இருக்க வேண்டும்.

அபாகஸ் மணிகளை வைத்து வேகமாகக் கூட்டிக் கழிக்கப் பழக்கும். உங்கள் மகளின் வகுத்தல் தடுமாற்றத்தை அது சரிசெய்யாது. கீபோர்டு அவளே ஆசைப்பட்டுக் கேட்டால் ஜூனுக்குப் பிறகு வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம், ஹிந்தியும் அப்படியே. கணவர் சொன்னதன் பின்னால் இருப்பது "லீவு வீணாகக் கூடாது" என்ற கவலை. அந்தக் கவலைக்கு வகுப்புகளைவிட நல்ல பதில் அந்த வகுத்தல் கணக்குதான். ஆறாம் வகுப்பில் பின்னமும் விகிதமும் வரும்போது வகுத்தல் தெரியாத பிள்ளை எல்லாவற்றிலும் தடுக்கி விழும்.

"வகுத்தலில் தடுமாறுகிறாள்" என்பதற்குள் மூன்று வேறு குறைகள் ஒளிந்திருக்கலாம். விடுமுறை தொடங்கி நாலைந்து நாள் கழித்து, அவள் நன்றாக இருக்கும் ஒரு காலையில், மூன்றே கணக்கு கொடுங்கள்: 504 − 267, 432 ÷ 8, 618 ÷ 6. விடைகள் 237, 54, 103. பரீட்சை என்று சொல்ல வேண்டாம். போடும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள்.

முதல் கணக்கு தவறினால், கடன் வாங்கிக் கழிப்பதில், அதுவும் நடுவில் பூஜ்ஜியம் வரும்போது சிக்கல் இருக்கிறது. வகுத்தலில் ஒவ்வொரு படியிலும் கழித்தல் வருவதால் அதையே முதலில் சரிசெய்ய வேண்டும். இரண்டாவதில் "எட்டஞ்சு... எட்டஞ்சு..." என்று நின்று விரல் விட்டு எண்ணினால் வாய்ப்பாடு ஏறவில்லை. அப்படியானால் ஆறு, ஏழு, எட்டு வாய்ப்பாடுகளை மட்டும் எடுத்து, தினம் ஐந்து நிமிடம் வரிசை மாற்றிக் கேட்டால் போதும். மூன்றாவதற்கு 13 என்று விடை போட்டால், செய்முறை அவளுக்குத் தெரியும், எண்ணின் இடமதிப்புதான் மனதில் நிற்கவில்லை. இந்த வயதில் நான் அதிகம் பார்ப்பது இந்த மூன்றாவது வகைதான். அதைச் சரிசெய்யும் வழியை முழுதாகச் சொல்கிறேன்.

ஆறு தட்டுகளை வையுங்கள். 618 ரூபாயை ஆறு நூறு ரூபாய் நோட்டு, ஒரு பத்து ரூபாய், எட்டு ஒரு ரூபாய் நாணயம் என்று கையில் கொடுங்கள். நோட்டு இல்லையென்றால் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளலாம். ஆறு பேருக்கும் சமமாகப் பங்கு போடச் சொல்லுங்கள். நூறு ஆளுக்கு ஒன்று போய்விடும். அடுத்து அந்த ஒற்றைப் பத்து ரூபாய். அதை ஆறு பேருக்குக் கொடுக்க முடியாது என்று அவளே சொல்வாள். "அப்ப ஒருத்தருக்கு எத்தன பத்து ரூபாய் கெடைச்சுது?" என்று கேளுங்கள். "ஒண்ணும் இல்ல." அந்த "ஒண்ணும் இல்ல"தான் விடையின் நடுவில் எழுத வேண்டிய பூஜ்ஜியம். பத்தைச் சில்லறையாக்கினால் மொத்தம் பதினெட்டு நாணயம், ஆளுக்கு மூன்று. தட்டில் நூற்று மூன்று ரூபாய் இருக்கும். தான் முன்பு போட்ட 13-ஐப் பார்த்து அவளே சிரிப்பாள்.

முதல் மூன்று நாள் பங்கு மட்டும் போடட்டும், எழுத வேண்டாம். அடுத்த மூன்று நாள் ஒவ்வொரு பங்குக்கும் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போகட்டும். அதன் பிறகு காசை எடுத்துவிட்டு, கணக்கைத் தொடும் முன் "விடை நூறுக்கு மேலயா, கீழயா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 749 ÷ 7, 832 ÷ 4, 1224 ÷ 6 என்று நடுவில் பூஜ்ஜியம் வரும் கணக்குகளைச் சாதாரணக் கணக்குகளோடு கலந்து கொடுங்கள். விடை 107, 208, 204 என்று வந்ததும் பெருக்கிச் சரிபார்ப்பது அவள் வேலை. அப்போது திருத்தப் பாட்டிக்கு வகுத்தல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பங்கு போடும் நாட்களில் மட்டும் நீங்கள் அல்லது கணவர் மாலையில் இருபது நிமிடம் கூட உட்காருங்கள். பிறகு முந்தின இரவே நோட்டில் ஐந்து கணக்கு எழுதி வைத்துவிட்டுப் போனால், காலை பத்து மணிக்குப் பாட்டி காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவளே போட்டுவிடுவாள். அரை மணிக்கு மேல் இழுத்தால் கணக்கு அதிகம், மூன்றாகக் குறையுங்கள். கணக்கு முடிந்ததும் பாட்டிக்குச் செய்தித்தாளிலிருந்தோ கதைப் புத்தகத்திலிருந்தோ இரண்டு பக்கம் வாசித்துக் காட்டட்டும். தவறைப் பிடிக்கும் வேலை பாட்டிக்கு வேண்டாம். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் போதும், பிள்ளை வேகம் குறைத்து அர்த்தம் புரிந்து வாசிக்கத் தொடங்கும். இரண்டாம் வகுப்புப் பாடத்தையே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள் என்று தெரிந்தால், அது விடுமுறைப் பயிற்சியில் தீராது. கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று முறையாகப் பரிசோதிக்க வேண்டும்.

இனி ஆறு வாரத்தை அடுக்குவோம். முதல் வாரம் எதையும் தொடங்காதீர்கள். பரீட்சை முடித்த பிள்ளை தூங்கட்டும், தெருப் பிள்ளைகளோடு சேரட்டும். அவளுக்கு எந்த நேரத்தில் உற்சாகம், எந்த நேரத்தில் சோர்வு என்பதையும் நீங்கள் அப்போது பார்த்துக்கொள்ளலாம். கணக்குக்கும் நீச்சலுக்கும் ஏற்ற காலம் இரண்டாவது, மூன்றாவது வாரங்கள்தான். நாத்தனார் வந்த பிறகு எதையும் புதிதாகத் தொடங்க முடியாது.

மதியத்தில் "போரடிக்குது" என்று வந்து நிற்பாள். உடனே யோசனை சொல்லாதீர்கள் என்று பாட்டியிடமும் சொல்லி வையுங்கள். ஒரு அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாள், பசை, நூல், கிழிந்த புடவைத் துண்டு, காலி டப்பாக்கள் போட்டு வையுங்கள். பதினைந்து இருபது நிமிடம் புலம்பிவிட்டு அவளே எதையாவது எடுத்துக்கொள்வாள். அந்த இருபது நிமிடத்தைத் தாங்குவதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம்.

மூன்றாவது வாரத்துச் சனிக்கிழமையில் ஒரு நாளை அப்பாவுக்குக் கொடுங்கள். அதிகாலைப் பஸ்ஸில் இருவர் மட்டும் புதுச்சேரி போகட்டும். வெயில் ஏறும் முன் 1826-இல் உருவான தாவரவியல் பூங்காவையோ, 1908 முதல் பத்து ஆண்டுகள் புதுச்சேரியில் இருந்த பாரதியின் ஈசுவரன் தருமராசா கோயில் தெரு வீட்டையோ, திறந்திருக்கும் நேரம் விசாரித்துக்கொண்டு, ஒன்றை மட்டும் பார்க்கட்டும். ஒரே நாளில் நாலு இடம் கூட்டிப் போனால் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். தினம் இருட்டிய பிறகு வரும் அப்பாவோடு ஒரு முழுப் பகல் கிடைப்பது இந்த விடுமுறையில் அவளுக்குக் கிடைக்கும் பெரிய விஷயம்.

நாத்தனார் பிள்ளைகள் வந்துவிட்டால் திட்டத்தைச் சுருட்டி வைத்துவிடலாம். தாயமும் பல்லாங்குழியும் கேரமும் மதியத்தை எடுத்துக்கொள்ளும். படுக்கும் நேரம் பத்தரை வரை தளர்ந்தால் பாதகமில்லை, நள்ளிரவு வரை போக விடாதீர்கள். தண்ணீர், மோர், இளநீர் அடிக்கடி கொடுங்கள். கூட்டமாக ஆடும் பிள்ளைகள் தாகத்தைக் கவனிப்பதில்லை. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. தலைவலியும் வாந்தியும் வந்து, உடம்பு கொதித்து, பேச்சும் குழறினால், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்தப் பத்து நாளில் கெட்டுப்போகக்கூடியது இரண்டு. ஒன்று, பெரிய பிள்ளைகள் கையில் போன் இருந்தால் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே நாத்தனாரிடம் போனில் பேசி, இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே விதி என்று முடிவு செய்துவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் அது குறை சொல்வது போல் ஆகிவிடும். இரண்டு, ஒப்பீடு. "எங்க வீட்டுல இவன் தொண்ணூத்தஞ்சு, நீ எவ்வளவு?" என்று யாராவது கேட்பார்கள். அந்த இடத்திலேயே நீங்கள் குறுக்கே வந்து, "இந்த லீவுல இவ தண்ணியில மெதக்கக் கத்துக்கிட்டா, கேளுங்க" என்று பேச்சை மாற்றிவிடுங்கள். அவளுக்காக நீங்கள் பேசுவதை அவள் காதால் கேட்க வேண்டும்.

இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை, காலையில் இரண்டே கணக்கு போடட்டும். இடைவெளி விட்டு நினைவுபடுத்திப் போடும் கணக்குதான் நிற்கும். பண்ருட்டியிலும் இதே அளவு போதும்.

பண்ருட்டிக்கு ஐந்தாவது வாரத்தில் ஐந்து நாள் அனுப்புங்கள். பலாவும் முந்திரியும் காய்க்கும் காலம், ஆயா வீட்டில் அவளுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டாம். ஒரு பலாப்பழத்தில் எத்தனை சுளை இருக்கும் என்று வெட்டும் முன் ஊகித்து எழுதி வைத்து, பிறகு எண்ணிப் பார்க்கட்டும். ஒரு எச்சரிக்கை மட்டும். பச்சை முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலை வெந்துபோகச் செய்யும், கொப்புளம் கிளம்பும். வறுக்காத கொட்டையை உடைக்கவோ கடிக்கவோ கூடாது, சுடும் இடத்தில் புகைக்குப் பக்கத்திலும் நிற்கக் கூடாது. தோப்பில் கிணறு இருந்தால் அது மூடியிருக்கிறதா, சுவர் இருக்கிறதா என்று நீங்களே ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

நீங்கள் கூட இல்லாமல் அவள் தங்கப்போவதால், போகும் முன் இதைத் தெளிவாகப் பேசுங்கள்: கட்டிப்பிடிக்கவோ மடியில் உட்காரவோ பிடிக்கவில்லை என்றால் யாராக இருந்தாலும் மறுக்கலாம், ரகசியமாக வைத்துக்கொள் என்று யார் சொன்னாலும் அதை அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். உறவினர் மனம் நோகும் என்பதற்காக முத்தம் கொடுக்க அவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள், வணக்கம் சொன்னால் போதும். தினம் இரவு எட்டு மணிக்குப் போன் பேசுங்கள். "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் வரும். "இன்னிக்கு யாரோட வெளையாடின, மத்தியானம் எங்க படுத்த?" என்று கேளுங்கள். உதவி தேவைப்பட்டால் குழந்தைகளுக்கான 1098 எண் இருப்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

திரும்பி வந்ததும் கடைசி வாரம் வீட்டில்தான். படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் தினம் கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு ஒரேயடியாகச் சீக்கிரம் படுக்க வைத்தால் தூக்கம் வராது. நீச்சல் தொடரலாம். ஆறாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்த வேண்டாம்.

நடுவில் எங்காவது திட்டம் அதிகமாகிவிட்டால் அவளே காட்டிக்கொடுப்பாள். வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்றுவலி, காரணமில்லாத எரிச்சல், தூக்கத்தில் புரளுவது என்று வந்தால், கணக்கைப் பாதியாக்குங்கள், நீச்சலை வாரத்துக்கு இரண்டு நாளாக்குங்கள். பாட்டியோடு வாசிப்பை மட்டும் விடாதீர்கள்.

மூன்றாவது வார முடிவில் 618 ÷ 6 போன்ற புதுக் கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். 927 ÷ 9 என்று வைத்துக்கொள்ளலாம், விடை மறுபடியும் 103. அப்போதும் 13 என்று வந்தால், அவள் எழுதிய தாளை அழிக்காமல் வைத்திருந்து எனக்கு அனுப்புங்கள். எந்தப் படியில் நழுவுகிறாள் என்று அதிலேயே தெரியும்.